ஒரே பக்கத்தில் மரபணு வெளிப்பாடு: முதலில் சுவரை வரையுங்கள்

உட்கரு இல்லாத புரோகேரியோட், உட்கரு உள்ள யூகேரியோட் இரண்டிலும் மரபணு எப்படிப் புரதமாகிறது என்று ஒப்பிட்டு ஒரு பக்கக் குறிப்பு எழுதச் சொன்னால், பலரும் செய்வது ஒன்றுதான். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் 18 வரி, வலப்பக்கம் 18 வரி என்று நிரப்புவார்கள். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். தேர்வில் ‘மனித மரபணு ஒன்றை அப்படியே எடுத்து ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தால் என்ன ஆகும்?’ என்று கேட்டிருந்தார்கள். 18 வரியும் மனப்பாடமாக இருந்தது, பதில் மட்டும் வரவில்லை. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் என்ன தொடர்பு என்று அந்தத் தாளில் எங்குமே இல்லை.

இப்போது நான் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் தாள் வேறு மாதிரி. அதைப் படிப்படியாக எப்படி எழுதுவது என்று இங்கே சொல்கிறேன். ஒரு ஏ4 தாளும் இரண்டு நிறப் பேனாவும் போதும். தாளைக் குறுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: இரண்டு வீடு, ஒரு சுவர்

இடப்பக்கம் ஒரு பெரிய வட்டம். உள்ளே எதுவும் தடுப்பு வேண்டாம். இது பாக்டீரியா, ஒற்றை அறை வீடு. வலப்பக்கம் இன்னொரு பெரிய வட்டம், அதற்குள் ஒரு சின்ன வட்டம். சின்ன வட்டம்தான் உட்கரு. அதன் சவ்வைச் சிவப்பு மையில் தடிமனாக வரைந்து, இரண்டு மூன்று இடத்தில் துளை விடுங்கள். இனி எழுதப்போகும் வேறுபாடுகளில் பெரும்பகுதி இந்தச் சிவப்புக் கோட்டில்தான் வந்து நிற்கும்.

இரண்டு வட்டத்துக்கும் கீழே ஒவ்வொரு வரி:

```
பாக்டீரியா : டிஎன்ஏ → தூது ஆர்என்ஏ → புரதம்
யூகேரியோட் : டிஎன்ஏ → முன்-ஆர்என்ஏ → தொப்பி, வெட்டு, வால் → | துளை | → புரதம்
```

டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ எழுதுவது படியெடுப்பு. அந்த ஆர்என்ஏவைப் படித்து ரைபோசோம் புரதம் கட்டுவது மொழிபெயர்ப்பு. பாக்டீரியாவில் இரண்டும் ஒரே அறையில் நடப்பதால், ஆர்என்ஏவின் வால் பகுதி இன்னும் எழுதி முடியாதபோதே தலைப் பகுதியில் ரைபோசோம் ஏறி உட்கார்ந்துவிடும். ஈ.கோலையில் ஆர்என்ஏவை எழுதும் பாலிமரேஸ் என்ற நொதி நொடிக்குச் சுமார் 45 எழுத்து எழுதுகிறது. ரைபோசோம் நொடிக்குச் சுமார் 15 அமினோ அமிலம் சேர்க்கிறது. ஒரு அமினோ அமிலத்துக்குக் கோடான் என்ற மூன்று எழுத்து, அப்படியானால் அதுவும் 45 எழுத்துதான். முன்னால் ஒருவர் எழுதிக்கொண்டே போக, பின்னால் ஒருவர் அதே வேகத்தில் படித்துக்கொண்டே வருகிறார்.

யூகேரியோட்டில் படியெடுப்பு உட்கருவுக்குள், மொழிபெயர்ப்பு சுவருக்கு வெளியே. எழுதி முடித்து, திருத்தி, துளை வழியாக அனுப்பிய பிறகுதான் ரைபோசோமின் கைக்கே போகும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் தட்டிவிடலாம். பாக்டீரியாவின் பாலிமரேஸ் வேகமானது, நம்முடையது மந்தமானது என்று பலர் நினைக்கிறார்கள். மனிதனின் டிஸ்ட்ரோபின் மரபணுவை ஒருமுறை படியெடுக்கச் சுமார் 16 மணி நேரம் ஆகிறது. அந்த மரபணுவின் நீளம் 20 லட்சம் எழுத்துக்கும் மேல். வகுத்துப் பாருங்கள், நொடிக்கு 40 எழுத்து அளவில்தான் வரும். வேகம் கிட்டத்தட்ட அதேதான், போகவேண்டிய தூரம்தான் வேறு. 16 மணி நேரம் உழைத்து எழுதிய அந்த ஆர்என்ஏவில் கடைசியில் மிஞ்சுவது சுமார் 14,000 எழுத்து. மீதி எல்லாம் வெட்டி எறியப்படுகிறது. ஈ.கோலையின் பீட்டா-காலக்டோசிடேஸ் மரபணுவோ 3,000 எழுத்துச் சொச்சம், ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே ஆனால் வேலை முடிந்தது.

படி 2: யார் தொடங்கி வைக்கிறார்கள்

இதற்குத் தாளில் நாலு வரி போதும். பாக்டீரியாவில் ஆர்என்ஏ பாலிமரேஸ் ஒரே வகை. அதற்குப் படியெடுப்பு தொடங்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பது சிக்மா என்ற துணைப் புரதம். தொடங்கும் புள்ளிக்கு 10 எழுத்து முன்னால் `TATAAT`, 35 எழுத்து முன்னால் `TTGACA` என்ற இரண்டு அடையாளங்களைச் சிக்மா பார்க்கும். இவை இருக்கும் பகுதிதான் புரமோட்டர். அவற்றை அப்படியே எழுதி வையுங்கள்.

யூகேரியோட்டில் பாலிமரேஸ் மூன்று வகை. புரதத்துக்கான மரபணுக்களைப் படியெடுப்பது இரண்டாம் பாலிமரேஸ். அது தானாக டிஎன்ஏவில் உட்காராது. பொதுப் படியெடுப்புக் காரணிகள் என்ற ஒரு கூட்டமே முன்னால் வந்து இடம் போட்டுத் தரவேண்டும். `TATA` எழுத்துகள் கொண்ட டாட்டா பெட்டி என்ற அடையாளம் இருக்கும் மரபணுக்களில் அது சுமார் 25 முதல் 30 எழுத்து முன்னால் இருக்கும். ‘இருக்கும் மரபணுக்களில்’ என்பதைக் கோடிட்டு வையுங்கள், ஏனென்றால் மனித மரபணுக்களில் பெரும்பாலானவற்றில் அது கிடையாது.

படி 3: வழியனுப்பும் அலங்காரம்

சிவப்புக் கோட்டை ஒட்டி, உட்கருவின் உள்பக்கம் மூன்று சொல்: தொப்பி, வெட்டு, வால்.

ஆர்என்ஏவின் 5′ முனை வெளியே தலைகாட்டியதுமே அதன்மேல் ஒரு மெத்தில் குவானோசின் தலைகீழாக மாட்டப்படும். அது தொப்பி. இடையிலுள்ள இன்ட்ரான்களை ஸ்ப்ளைசோசோம் வெட்டி எடுத்து, எக்ஸான்களை ஒட்டும். இன்ட்ரானின் தொடக்கத்தில் `GU`, முடிவில் `AG` என்பது வழக்கம். கடைசியில் `AAUAAA` என்ற அடையாளத்துக்குச் சற்றுக் கீழே ஆர்என்ஏவை அறுத்து, மனித செல்களில் 200 வாக்கில் `A` எழுத்துகளை வாலாகச் சேர்ப்பார்கள்.

இதெல்லாம் வெறும் அலங்காரம் என்று நினைத்தால் அடுத்த படி புரியாது. ரைபோசோம் இறங்கும் இடமே தொப்பிதான். வால் ஆர்என்ஏவை அழியாமல் காக்கிறது. யூகேரியோட் தூது ஆர்என்ஏ மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், பாக்டீரியாவினுடையது பெரும்பாலும் சில நிமிடங்களில் போய்விடும். போவது பாக்டீரியாவுக்கு நல்லதே. சூழல் மாறியதும் பழைய உத்தரவுகள் அறையில் கிடந்தால் அதற்குத்தான் நட்டம்.

படி 4: ரைபோசோம் எங்கே இறங்குகிறது

தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் தாளில் இதற்கு நல்ல இடம் கொடுங்கள்.

பாக்டீரியாவின் 70எஸ் ரைபோசோம் ஆர்என்ஏவின் முனையைத் தேடுவதில்லை. மொழிபெயர்ப்பு தொடங்கும் `AUG` கோடானுக்குச் சில எழுத்து முன்னால் `AGGAGG` போன்ற ஒரு துண்டு இருக்கும். அதற்கு ஷைன்-டல்கார்னோ வரிசை என்று பெயர். ரைபோசோமுக்குள் இருக்கும் 16எஸ் ஆர்என்ஏ அதனோடு இணைசேர்ந்து பிடித்துக்கொள்ளும். ஒரே ஆர்என்ஏவில் இப்படி மூன்று இறங்குதளம் இருந்தால் மூன்று புரதமும் தனித்தனியே கட்டப்படும். ஓபரான் என்ற ஏற்பாடு சாத்தியமாவதே இதனால்தான்: பல மரபணுக்கள், ஒரே புரமோட்டர், ஒரே நீண்ட ஆர்என்ஏ.

யூகேரியோட்டில் ரைபோசோமின் சின்னத் துணையலகு தொப்பியருகே ஏறி, அங்கிருந்து நடந்துகொண்டே போய், வழக்கமாக முதலில் எதிர்ப்படும் பொருத்தமான `AUG`யில் நிற்கும். அங்கே பெரிய துணையலகும் சேர்ந்து 80எஸ் ஆகும். ஒரு ஆர்என்ஏ, ஒரு தொப்பி, ஒரு தொடக்கம், ஒரு புரதம். முதல் அமினோ அமிலம் இங்கே சாதாரண மெத்தியோனின், பாக்டீரியாவில் ஃபார்மில் மெத்தியோனின். இந்தக் கடைசி வாக்கியத்தை ஓரத்தில் சின்னதாக எழுதினால் போதும்.

படி 5: சுவிட்ச்

கட்டுப்பாட்டைப் பற்றி எழுத வந்தால் எல்லோரும் லாக்டோஸைப் பயன்படுத்த உதவும் மரபணுக்களின் வரிசையான லாக் ஓபரானுக்குப் போவார்கள். ஜேக்கப்பும் மோனோவும் 1961இல் விளக்கிய அந்த மாதிரியை நாமும் எழுதுவோம், ஆனால் நாலு நிலையாக. லாக்டோஸ் இல்லையென்றால், குளுக்கோஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒடுக்கிப் புரதம் டிஎன்ஏவை மறித்துக்கொண்டிருக்கும், சுவிட்ச் அணைந்தே இருக்கும். அங்கேயே இரண்டு நிலை முடிந்தது. லாக்டோஸும் குளுக்கோஸும் சேர்ந்து இருந்தால் ஒடுக்கி விலகும், ஆனால் பாலிமரேஸைக் கைபிடித்து ஏற்றிவிடும் கேப் புரதம் வராது, கொஞ்சமாகத்தான் படியெடுப்பு நடக்கும். லாக்டோஸ் மட்டும் இருந்தால்தான் முழு வேகம். ஒடுக்கியைக் கழற்றுவது லாக்டோஸ் அல்ல, அதிலிருந்து உருவாகும் அல்லோலாக்டோஸ் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆனால் சுவர் இல்லாததன் பலனைக் காட்டுவதற்கு எனக்குப் பிடித்தது ட்ரிப் ஓபரான்தான். இது டிரிப்டோபேன் தயாரிக்கும் மரபணுக்களின் வரிசை. அதன் ஆர்என்ஏவின் தொடக்கத்தில் 14 அமினோ அமிலம் மட்டுமே உள்ள ஒரு குட்டிப் பெப்டைடு எழுதப்பட்டிருக்கும். அதில் அடுத்தடுத்து இரண்டு டிரிப்டோபேன் கோடான்கள். இந்தப் பகுதியில் ஆர்என்ஏ மடிந்து கொக்கி போல ஆகக்கூடிய நாலு துண்டுகள் உள்ளன. 3ஆம் துண்டும் 4ஆம் துண்டும் சேர்ந்தால் அது படியெடுப்பை நிறுத்தும் கொக்கி. 2ஆம் துண்டும் 3ஆம் துண்டும் சேர்ந்துவிட்டால், 4க்கு ஜோடி கிடைக்காமல் படியெடுப்பு தொடரும்.

செல்லில் டிரிப்டோபேன் நிறைய இருந்தால், ரைபோசோம் அந்த இரண்டு கோடான்களையும் தடங்கலின்றித் தாண்டி 2ஆம் துண்டின்மேல் வந்து நிற்கும். 2 மறைந்துவிட்டதால் 3 போய் 4ஓடு சேரும், பாலிமரேஸ் விழுந்துவிடும். டிரிப்டோபேன் தட்டுப்பாடாக இருந்தால், ரைபோசோம் அந்த இரண்டு கோடான்களிலேயே அமினோ அமிலத்துக்காகக் காத்து நிற்கும். 2 திறந்தே கிடக்கும், 3ஐப் பிடித்துக்கொள்ளும், பாலிமரேஸ் போய்க்கொண்டே இருக்கும். பின்னால் வருபவர் தடுமாறுகிறார் என்ற சேதி முன்னால் எழுதுபவருக்கு எட்டுகிறது. நடுவில் உட்கருச் சவ்வு இருந்தால் இது நடக்க வழியே இல்லை.

யூகேரியோட் பக்கம் சுவிட்சின் இயல்பான நிலையே அணைந்திருப்பதுதான். டிஎன்ஏ ஹிஸ்டோன் உருண்டைகளில், ஒவ்வொன்றிலும் 147 இணை அளவு, சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. முதலில் அதைத் தளர்த்த வேண்டும். தளர்த்தச் சொல்லும் உத்தரவு வெகு தொலைவிலிருந்தும் வரலாம். கை, கால் உருவாகும்போது சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவை இயக்கும் என்ஹான்ஸர் என்ற டிஎன்ஏ துண்டு அந்த மரபணுவிலிருந்து சுமார் 10 லட்சம் இணை தள்ளி இருக்கிறது. டிஎன்ஏ வளைந்து இரண்டையும் அருகில் கொண்டுவருகிறது. தாளில் ஒரு பெரிய வளையமும் அந்த எண்ணும் போட்டால் போதும்.

படி 6: தாளைச் சோதித்துப் பாருங்கள்

தாளின் பின்பக்கத்துக்கு வாருங்கள். இங்கே அந்தப் பழைய தேர்வுக் கேள்வி. மனித இன்சுலின் மரபணுவைக் குரோமோசோமில் இருக்கும் வடிவத்திலேயே ஈ.கோலைக்குள் வைக்கிறோம். எங்கெங்கே இடிக்கும்? முன்பக்கத்தைப் பார்த்தே வரிசையாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

முதல் இடி புரமோட்டரில். ஈ.கோலையின் சிக்மாவுக்கு மனிதப் புரமோட்டரை அடையாளம் தெரியாது. ஆர்என்ஏவே சரியாக எழுதப்படாது. சரி, லாக் புரமோட்டரை முன்னால் ஒட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஆர்என்ஏ வரும், புரதம் வராது, ஏனென்றால் `AUG`க்கு முன்னால் ஷைன்-டல்கார்னோ வரிசை இல்லை. தொப்பியைத் தேடும் பழக்கம் இந்த ரைபோசோமுக்குக் கிடையாது. அதையும் சேர்த்தாயிற்று.

மூன்றாவது இடி இன்ட்ரான். இன்சுலின் மரபணுவில் மூன்று எக்ஸான், இரண்டு இன்ட்ரான். முதல் இன்ட்ரான் மொழிபெயர்க்கப்படாத முன்பகுதியில் இருப்பதால் அது நேரடியாகப் புரதத்தைக் கெடுக்காது. இரண்டாவது, சி-பெப்டைடுக்கான பகுதியை நடுவில் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. வெட்டி எடுக்க ஸ்ப்ளைசோசோம் இல்லை. ரைபோசோம் இன்ட்ரானையும் மும்மூன்று எழுத்தாகப் படித்துக்கொண்டே போகும். 64 கோடானில் 3 முடிவுக் கோடான், அதாவது குத்துமதிப்பாக 21 கோடானுக்கு ஒன்று. சீக்கிரமே ஒன்றில் மோதி, அரைகுறைப் புரதத்தோடு நின்றுவிடும். இதற்குத் தீர்வு, ஏற்கெனவே வெட்டி ஒட்டப்பட்ட தூது ஆர்என்ஏவிலிருந்து ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் மூலம் டிஎன்ஏ எழுதிக்கொள்வது. அல்லது புரத வரிசையைப் பார்த்து டிஎன்ஏவை வேதியியல் முறையில் நேராகவே கட்டுவது.

நாலாவது இடி மொழிபெயர்ப்புக்குப் பிறகு. முதலில் உருவாவது 110 அமினோ அமிலம். நம் கணைய செல் அதில் 24ஐ முகவரிச் சீட்டாகப் பயன்படுத்தி வெட்டி எறியும், மீதி 86இலிருந்து சி-பெப்டைடை எடுக்கும், கடைசியில் 21ம் 30ம் கொண்ட இரண்டு சங்கிலிகளைக் கந்தகப் பிணைப்பால் கட்டிவைக்கும். ஈ.கோலையில் அந்த வெட்டும் நொதிகள் இல்லை, அதன் உள்சூழலில் கந்தகப் பிணைப்புகள் எளிதில் நிலைப்பதும் இல்லை.

1978இல் ஆய்வாளர்கள் இதைச் சமாளித்த விதத்தைப் பாருங்கள். இரண்டு சங்கிலிகளுக்கும் தனித்தனியாகச் செயற்கை டிஎன்ஏ கட்டினார்கள், எனவே இன்ட்ரான் பிரச்சினை எழவே இல்லை. ஒவ்வொன்றையும் பீட்டா-காலக்டோசிடேஸின் வாலில், இடையில் ஒரு மெத்தியோனின் வைத்து ஒட்டினார்கள். புரமோட்டரும் ரைபோசோம் இறங்குதளமும் ஈ.கோலையினுடையவையே. பிறகு சயனோஜன் புரோமைடு கொண்டு அந்த மெத்தியோனினில் துண்டித்தார்கள். இன்சுலினின் இரண்டு சங்கிலியிலும் மெத்தியோனின் கிடையாது, அதனால் அவை முழுசாகத் தப்பின. இரண்டையும் சோதனைக்குழாயில் சேர்த்தார்கள். 1982இல் அமெரிக்காவில் இந்த வழியில் வந்த இன்சுலினுக்கு அனுமதி கிடைத்தது.

ஆய்வகத்தில் எந்த இடியில் மாட்டியிருக்கிறோம் என்று கண்டுபிடிக்கவும் இதே வரிசைதான். ஆர்என்ஏவே இல்லையென்றால் முதலில் புரமோட்டரைப் பாருங்கள். ஆர்என்ஏ இருந்தும் புரதம் இல்லையென்றால் இறங்குதளம். புரதம் இருக்கிறது, ஆனால் ஜெல்லில் எதிர்பார்த்ததைவிடக் குட்டையாக ஓடுகிறது என்றால் இன்ட்ரானோ முடிவுக் கோடானோ சந்தேகத்துக்குரியது, நொதி ஏதாவது அதைச் சிதைத்திருக்கவும் கூடும். நீளம் சரி, வேலை செய்யவில்லை என்றால் மடிப்பும் வெட்டும்.

ஓரக் குறிப்பு

முன்பக்கத்தின் ஓரத்தில் மூன்று எச்சரிக்கைக்கு இடம் விடுங்கள். ஒன்று, ஆர்க்கியாவும் புரோகேரியோட்தான், ஆனால் அதன் பாலிமரேஸ் நம் இரண்டாம் பாலிமரேஸைப் போன்றது. ஆகவே இடப்பக்கத் தலைப்பில் ‘பாக்டீரியா’ என்றே எழுதுங்கள். இரண்டு, நம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் பாக்டீரியா வகை ரைபோசோம்தான், அது ஃபார்மில் மெத்தியோனினில்தான் தொடங்கும். மூன்று, வால் பாக்டீரியாவில் கிடையவே கிடையாது என்று எழுதிவிடாதீர்கள். ஈ.கோலையில் குட்டி `A` வால்கள் உண்டு, அவை ஆர்என்ஏவைக் காப்பதில்லை, சீக்கிரம் அழியவே உதவுகின்றன.

இன்னும் பின்பக்கத்தில் இடம் இருந்தால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். லாக் ஓபரானின் மூன்று மரபணுக்களையும் அதே வரிசையில், மனிதப் புரமோட்டரும் `AAUAAA` அடையாளமும் கொடுத்து மனித செல்லில் வைக்கிறோம். ஆர்என்ஏ ஒழுங்காக வருகிறது, தொப்பியும் வாலும் ஏறுகின்றன, வெளியேயும் போகிறது. என்னென்ன புரதம் கிடைக்கும்? ரைபோசோம் தொப்பியிலிருந்து நடந்து முதல் `AUG`யில் நிற்கிறது, முதல் மரபணுவின் முடிவுக் கோடானில் இறங்கிவிடுகிறது. காலக்டோசிடேஸ் வரும். அடுத்திருக்கும் பெர்மியேஸும், கடைசியிலிருக்கும் டிரான்ஸ்அசிட்டைலேஸும் பெயருக்குக்கூடத் தேறாது.